ஃபிராய்டின் ஒரு வரி, மூன்று வழிகள்

ஃபிராய்டு 1933-ல் வெளியிட்ட, உளப்பகுப்பாய்வு பற்றிய புதிய அறிமுக விரிவுரைகளில் 31-வது விரிவுரை கிட்டத்தட்ட இந்த ஜெர்மன் வரியோடு முடிகிறது: 'வோ எஸ் வார், ஸோல் இஹ் வேர்டென்.' இதைத் தமிழ்க் கட்டுரையில் மேற்கோளாகத் தர நமக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஃபிராய்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜேம்ஸ் ஸ்ட்ராச்சியின் வரியை எடுத்துத் தமிழாக்குவது. பெரும்பாலோர் செய்வது இதைத்தான். அவர் 'எஸ்', 'இஹ்' இரண்டையும் 'இட்', 'ஈகோ' என்ற லத்தீன் சொற்களாக்கினார். ஆங்கிலத்தின் 'ஷல் பி' என்பதை வெறும் எதிர்காலமாகவும் படிக்கலாம். அதனால் தமிழில் 'இட் இருந்த இடத்தில் ஈகோ இருக்கும்' என்று வந்து நிற்கிறது. ஃபிராய்டு அப்படி எழுதவில்லை. ஜெர்மனில் 'எஸ்' என்றால் அது, 'இஹ்' என்றால் நான். குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். 'ஸோல்' கடமையைச் சொல்கிறது, 'வேர்டென்' ஆவதை, உருவாவதை.

இரண்டாவது வழி, நாமே ஜெர்மனிலிருந்து நேரே பெயர்ப்பது: 'அது இருந்த இடத்தில் நான் உருவாக வேண்டும்.' சூய்டர்ஸே கடற்பகுதியை வற்றவைத்து நிலமாக்குவதைப் போன்ற பண்பாட்டுப் பணி இது என்று அடுத்த வரியிலேயே ஃபிராய்டு சொல்கிறார். கடல் மெல்ல நிலமாகும் காட்சி அது. அதோடு பொருந்துவது 'உருவாக' தான், 'இருக்கும்' அல்ல. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆனால் ஜெர்மன் இலக்கணம் தெரிந்து, சந்தேகம் வந்தால் கேட்க ஆளும் இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும்.

அப்புறம், குறிப்பு. பக்க எண் ஜெர்மன் பதிப்பினுடையதாக இருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறியில் 'மொழிபெயர்ப்பு என்னுடையது' என்று எழுத வேண்டும். இப்படி மேற்கோள்கள் பல வந்தால், 'வேறு குறிப்பு இல்லாத இடங்களில் மொழிபெயர்ப்பு என்னுடையது' என்று தொடக்கத்தில் ஒரு முறை சொன்னால் போதும். மூல வரியை அடிக்குறிப்பில் தந்துவிட்டால் வாசகரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆய்வுக் கட்டுரைகளுக்கான மேற்கோள் நடைகளில் ஏ.பி.ஏ. நடை சொந்த மொழிபெயர்ப்பைக் கருத்துச் சுருக்கமாகத்தான் கணக்கில் கொள்கிறது, மேற்கோள்குறி போட விடாது. எம்.எல்.ஏ., சிகாகோ நடைகளில் மேற்கோள்குறியோடு இந்தக் குறிப்பைத் தரலாம்.

மூன்றாவது வழி மோசமானது. ஸ்ட்ராச்சியைப் பார்த்துத் தமிழாக்கிவிட்டு, ஜெர்மன் பக்க எண்ணைப் போட்டு 'மொழிபெயர்ப்பு என்னுடையது' என்பது. தமிழில் 'இட்', 'ஈகோ' என்று வந்துவிட்டு அடிக்குறிப்பில் ஜெர்மன் நூல் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். ஜெர்மன் தெரியாதது குற்றமில்லை. 'ஸ்ட்ராச்சியின் ஆங்கிலம் வழியாக' என்று எழுதி, அந்த ஆங்கிலப் பதிப்பின் பக்கத்தைத் தந்தால் முதல் வழியும் நேர்மையானதுதான். ஆங்கில வாசகர்கள் ஃபிராய்டை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது கட்டுரையின் பொருளாக இருந்தால், நானும் ஸ்ட்ராச்சியைத்தான் எடுப்பேன். அவர்கள் படித்தது அந்த 'ஈகோ'வைத்தானே.