வட்ஸ்அப் பிசினஸ், சூம், ரொறன்ரோ நேரம்: மூன்று வருட அனுபவம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாகிறது. வகுப்பு சூமில். ஆள் சேர்ப்பதும் தாய் தகப்பனோடு கதைப்பதும் வட்ஸ்அப் பிசினஸில். இரண்டும் எனக்கு எப்படி உழைத்தன என்று எழுதுகிறேன்.

முதல் வருடம் நல்ல வடிவான போஸ்டர் ஒன்று செய்வித்து, பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டு அனுப்பினேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். என் பட்டியலில் 180 பேர் இருந்தார்கள். பதில் வந்தது நாலு பேரிடம் இருந்து. போஸ்டர்தான் சரியில்லையாக்கும் என்று நினைத்து இன்னொன்று செய்வித்தேன். அதுவும் அதே கதை. பிறகு ஒருநாள் அந்தச் செய்தியின் தகவலைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது, பாதிப் பேருக்கு அது போய்ச் சேரவேயில்லை. எங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். இப்போது யார் விசாரித்தாலும் முதலில், "என்ர நம்பரைப் போட்டு வையுங்கோ, நேர மாற்றம் வந்தால் அறிவிப்பேன்" என்று சொல்லிவிடுகிறேன்.

விசாரிக்கிறவர்கள் கட்டணத்தைக் கேட்க முதல் கேட்பது, "ரீச்சர், நீங்கள் எந்த இடம்?" ஊரைச் சொன்னால் ஒழுங்கையையும் கேட்பார்கள். இரண்டு நாளில் அவர்களுடைய மாமியோ சித்தியோ இங்கே யாரிடமாவது விசாரித்து முடித்திருப்பார். எனக்கு இது பிடிக்கும், போஸ்டருக்கு இந்தப் பலம் இல்லை. அதனால் பிசினஸ் விபரத்தில் முழுப்பெயர், ஊர், முன்பு படிப்பித்த வகுப்புகள் எல்லாம் போட்டிருக்கிறேன். காசு என் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு, மாதம் மாதம்தான். ஒரு வருடக் கட்டணத்தை முற்பணமாகக் கேட்டுப் பார்த்த காலத்தில் விசாரித்தவர்களில் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் வாசிக்கும் வீடியோவை விளம்பரத்துக்குப் போடுவதில்லை. முதல் கிழமையும் பன்னிரண்டாம் கிழமையும் பிள்ளை வாசிப்பதைப் பதிந்து தாய்க்கு மட்டும் அனுப்புவேன். அதை அவர் தன் தங்கைக்குப் போட்டுக் காட்டினால் புதுப் பிள்ளை வரும்.

ஆனால் என் பெயர் கெட இருந்தது நேரத்தால்தான்.

சனிக்கிழமை இரவு 7.30க்கு ஒரு கலப்பு வகுப்பு வைத்திருந்தேன். அப்போது லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9. இரண்டு பக்கத்துக்கும் வசதி. ஆனால் கனடாவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவார்கள். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறுதான். எங்களுக்கு மாற்றமே இல்லை. அந்த இரண்டு மூன்று கிழமையும் ரொறன்ரோவின் காலை 9 மணி எங்களுக்கு 6.30. மூன்று பிள்ளைகள் சரியாக 9க்கு வந்து, திறக்காத சூமின் முன்னால் காத்திருந்தார்கள். நான் வழமைபோல் 7.30க்குத் திறந்தபோது அவர்கள் நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஒரு தாய் தங்கள் குடும்பக் குழுவில், "ரீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வரேல்லை" என்று எழுதிவிட்டார். அதை ஆற்றி எடுக்க இரண்டு மாதம் பிடித்தது.

இப்போது கூகுள் காலண்டரில் அந்த வகுப்பை ரொறன்ரோ நேர வலயத்தில் போட்டிருக்கிறேன். அங்கே 9 எப்போதும் 9. மாறுவது என் பக்கம்தான். லண்டன் பிள்ளைகளை வேறு வகுப்பாகப் பிரித்துவிட்டேன். சேர்த்தே நடத்துவதென்றால் வருடத்தில் இரண்டு தடவை இந்தச் சிக்கல் வரும்: மார்ச்சில் இரண்டு மூன்று கிழமை, ஒக்டோபர் கடைசியில் ஒரு கிழமை. கனடாப் பெற்றோர் சிலர் வார நாளில் பின்னேரம் 6.30 கேட்பார்கள். கோடையில் அது எங்களுக்கு விடிய 4 மணி. ஒரு மாதம் செய்து பார்த்தேன், இனி இல்லை.

சூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். ஏழு வயதுக்கு அது தாராளம், அதற்கு மேல் பிள்ளை நாற்காலியில் இருக்காது.

கூடுதலாக வரும் கேள்வி, "எவ்வளவு காலத்தில வாசிப்பான்?" 247 எழுத்து என்றதும் பயந்துபோகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216 உயிர்மெய்யையும் ஒவ்வொன்றாகப் பாடமாக்கத் தேவையில்லை, குறிகளைப் பிடித்தால் போதும் என்று விளங்கப்படுத்துவேன். பிள்ளைகள் இடறுவது இரண்டு இடத்தில். ஒன்று உகர, ஊகார வரிசை: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். மற்றது கெ, கே: கொம்பு முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும். இங்கிலீசில் வாசித்துப் பழகிய பிள்ளை முதலில் கொம்பைத்தான் வாசிக்கப் பார்க்கும். இதனால் மாதக் கணக்குச் சொல்லி வாக்குக் கொடுப்பதில்லை. முதல் வகுப்பு இலவசம், தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கே பிள்ளையின் நிலையைச் சொல்லிவிடுவேன். போன மாதம் ஒரு தகப்பனிடம், "இவனுக்கு இப்ப எழுத்து வேண்டாம், முதல் வீட்டில தமிழில கதையுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தன் அக்காவின் இரண்டு பிள்ளைகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்.