அப்பாவின் பெயர் முரண்களைப் பாலக்கோட்டில் சரிசெய்த விதம்

ஜெர்மனியிலிருந்து இம்முறை தருமபுரி மாவட்டத்துக்கு வந்ததே, காலமான அப்பாவின் பெயரில் இருக்கும் நிலத்தின் பட்டாவை அம்மா, நான், தங்கை ஆகிய வாரிசுகளின் பெயருக்கு மாற்றுவதற்காகத்தான். நிலம் பாலக்கோடு வட்டத்தில் இருக்கிறது. அதில் தகராறு எதுவும் இல்லை. அப்பாவின் ஆவணங்கள் மட்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எங்கள் பக்கத்தில் பலருக்கும் இதே நிலை இருப்பதால், எந்த முரணை எங்கே எப்படித் தீர்த்தோம் என்பதை விரிவாக எழுதுகிறேன். குடும்பத்தின் உண்மையான பெயர்களை எழுத விருப்பமில்லாததால், அப்பாவை மாதையன் என்றும் தாத்தாவை முனியப்பன் என்றும் வைத்துக்கொள்வோம்.

பழைய பட்டாவில் "மாது, த/பெ முனியப்பன்" என்று இருந்தது. ஊரில் அவரை எல்லோரும் மாது என்றே அழைத்தார்கள். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் மாதையன். இறப்புச் சான்றிதழிலோ அவர் பெயர் "மாதயன்" என்றும், தந்தை பெயர் "முனியன்" என்றும் பதிவாகியிருந்தன. துக்க வீட்டில் உறவினர் ஒருவர் அவசரமாகப் படிவத்தை எழுதிக் கொடுத்ததில் நேர்ந்த பிழை அது.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஆவணங்களை ஸ்கேன் செய்யப் போன கடையில், இந்த முரண்களைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் செய்த படத்திலேயே எழுத்துகளை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் நாங்கள் மறுத்துவிட்டோம். இணையத்தில் பதிவேற்றுவது படம்தான் என்றாலும், விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் விசாரணைக்குப் போகும்போது அசலைக் கேட்பார்கள். அசல் இல்லாவிட்டாலும், சான்றிதழில் இருக்கும் பதிவு எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பார்த்தால், படத்தில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறு பெயரும் இருப்பது உடனே தெரிந்துவிடும். அதுவரை எழுத்துப்பிழையாக இருந்தது, அந்த நிமிடத்திலிருந்து போலி ஆவணம் ஆகிவிடும். அரசு ஊழியர் தம் பதவியின்படி வழங்கிய சான்றிதழையோ ஆதார் போன்ற அடையாள ஆவணத்தையோ போலியாக உருவாக்குவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 337-ஆம் பிரிவு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. எழுத்தை மாற்றித் தருபவர் கடையில் இருப்பார். விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்து மாட்டிக்கொள்வது நம் வீட்டு அம்மாவாகத்தான் இருப்பார்.

எல்லா முரண்களுக்கும் சேர்த்து நோட்டரியிடம் ஓர் அபிடவிட் வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். தருமபுரியில் நாங்கள் கலந்து பேசிய வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. மாதுவும் மாதையனும் ஒருவரே என்று நிரூபிக்க எங்களிடம் இருந்த வலுவான பிடிமானம் தாத்தாவின் பெயர். பட்டாவில் "த/பெ முனியப்பன்" என்று இருக்க, இறப்புச் சான்றிதழில் தந்தை "முனியன்" என்று இருந்தால், மகன் பெயரும் பொருந்தாது, தந்தை பெயரும் பொருந்தாது. விசாரணை செய்பவர் இவர்கள் இருவர் என்று எழுதிவிட முழு நியாயம் உண்டு. ஆகவே பதிவேட்டில் உள்ள பிழையை முதலில் பதிவேட்டிலேயே திருத்த வேண்டும் என்றும், உண்மையாகவே இரண்டு பெயர்கள் வழங்கிவந்த விஷயத்துக்கு மட்டும் அபிடவிட்டை வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். இறந்தவரின் ஆதாரை இனித் திருத்த முடியாது என்பதால், அதிலுள்ள "மாதையன்" என்ற வடிவத்தையே அளவுகோலாகக் கொண்டோம்.

இறப்புப் பதிவைத் திருத்துவது, அந்த இறப்பு நிகழ்ந்த இடத்தின் பதிவாளருடைய வேலை. அப்பா வீட்டிலேயே காலமானதால் எங்கள் கிராமத்திலேயே முடிந்தது; நகரத்து மருத்துவமனையில் இறந்திருந்தால் அங்கே பதிவு செய்தவரிடம்தான் போயிருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்தத் திருத்தத்துக்கு இடம் தருகிறது. விதிகள் பிழையை இரண்டு வகையாகப் பார்க்கின்றன. "மாதயன்" என்பது எழுதும்போது நேர்ந்த பிழை. பதிவாளர் விசாரித்து மனநிறைவு அடைந்தால் தாமே திருத்தலாம். "முனியன்" என்பதை "முனியப்பன்" ஆக்குவது பொருளையே தொடும் திருத்தம் என்று பதிவாளர் கருதினார். அதற்கு, உண்மையை நேரடியாக அறிந்த, நம்பத்தகுந்த இருவர், பிழை என்ன, சரியானது என்ன என்பதை எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். தாத்தாவைக் கண்ணால் பார்த்துப் பழகிய பங்காளி ஒருவரும், ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் எழுதிக் கொடுத்தார்கள். அதனுடன் அப்பாவின் ஆதார் நகலையும், "முனியப்பன் மகன் மாதையன்" என்றிருந்த பழைய கிரயப் பத்திரத்தின் நகலையும் இணைத்தோம்.

திருத்தம் செய்த முறை எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் பட்டது. பழைய பதிவை அடிக்கவோ அழிக்கவோ இல்லை. அது அப்படியே இருக்க, ஓரத்தில் திருத்தத்தை எழுதி, பதிவாளர் தேதியுடன் கையெழுத்திடுகிறார். என்ன இருந்தது, யார், எப்போது மாற்றினார் என்பது பின்னாளில் யார் பார்த்தாலும் தெரியும். அதன் பிறகு புதிய சான்றிதழ் பெற்று, அதை வைத்துத்தான் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். இந்த வரிசையை மாற்றியிருந்தால் "மாதயன்" என்ற பிழை வாரிசுச் சான்றிதழிலும் ஏறி, அதற்கும் தனியாக ஒரு திருத்தம் தேவைப்பட்டிருக்கும்.

அபிடவிட்டை அம்மாவின் பெயரில் எழுதினோம், ஏனெனில் அப்பாவின் இரண்டு பெயர்களையும் வாழ்நாள் முழுவதும் அறிந்தவர் அவர்தான். "பெயர்களில் வேறுபாடு உள்ளது" என்று பொதுவாக எழுதாமல், பட்டா எண், சர்வே எண், கிரயப் பத்திர எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதி, "மாது (எ) மாதையன், த/பெ முனியப்பன்" என்பவர் ஒருவரே என்று முடித்தார்கள். என் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் Madhaiyan என்றும், அப்பாவின் ஆதாரில் Mathaiyan என்றும் இருப்பதையும், என் பள்ளிச் சான்றிதழில் வெறும் "மா." என்று நிற்கும் தலைப்பெழுத்தின் விரிவையும் அதிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்தோம். அம்மா கைநாட்டு வைப்பவர் என்பதால், வாசகம் தமிழில் இருந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டி விளக்கிய பிறகே கைரேகை பெறப்பட்டது என்ற குறிப்பையும் நோட்டரி எழுதினார். அம்மா நேரில் வரவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆளைப் பார்க்காமல் முத்திரை போட்டுத் தருகிறவர்களிடம் வாங்கும் காகிதம், நோட்டரியின் பதிவேட்டில் அம்மாவின் கைரேகை எங்கே என்று யாராவது கேட்டால் நிற்காது.

அபிடவிட் எந்தப் பதிவேட்டையும் மாற்றுவதில்லை. வட்டாட்சியர் அலுவலகம் அதை ஒரு துணை ஆவணமாக மட்டுமே பார்த்தது. கிராம விசாரணையில் அவர்கள் உண்மையில் ஒப்பிட்டுப் பார்த்தவை கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையும், சர்வே எண்ணும், இப்போது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் முனியப்பன் என்ற பெயரும்தான். பட்டா தங்கையையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக வரும். என் பாஸ்போர்ட்டை அடுத்துப் புதுப்பிக்கும்போது, தந்தை பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருத்தக் கோரி, ஜெர்மனியில் உள்ள நம் தூதரகத்தில் அந்த விண்ணப்பத்துடன் அப்பாவின் ஆதார் நகலையும், நோட்டரி சான்றளித்த அபிடவிட்டின் இரண்டாவது அசலையும் கொடுக்க எடுத்து வந்திருக்கிறேன்.