ஒரே முதுகு, இரண்டு மனுக்கள்: விபத்து என்று கோருவதா, தொழில்நோய் என்று கோருவதா?

பணியாளர் இழப்பீட்டுச் சட்டங்களின் அடிப்படை எளிமையானது. பாதிக்கப்பட்டவர் யார்மீதும் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, முதலாளிமீது தனியாக நஷ்டஈட்டு வழக்குத் தொடரும் உரிமையைப் பல நாடுகளின் சட்டங்கள் நீக்கியோ குறுக்கியோ விடுகின்றன. ஆகவே வாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: பாதிப்பு வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்பட்டதா? இந்தக் கேள்விக்கு விபத்து என்ற வழியிலும் பதில் சொல்லலாம், தொழில்நோய் என்ற வழியிலும் பதில் சொல்லலாம். கை வெட்டுப்பட்டவருக்கோ நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்தவருக்கோ வழி தானாகவே தெளிவாகிவிடும். சிக்கல் முதுகில்தான்.

கிடங்கில் 12 ஆண்டுகள் மூட்டை தூக்கிய 45 வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சில மாதங்களாக அவருக்கு லேசான இடுப்பு வலி இருந்தது. ஒரு நாள் 40 கிலோ மூட்டையைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பில் சுளீரென்று பிடித்து, வலி இடது காலுக்கு இறங்கியது. ஸ்கேனில் முதுகெலும்பு வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிகிறது. பக்கத்து வட்டுகளில் பழைய தேய்மானமும் தெரிகிறது.

விபத்து என்று கோரினால் நாள், நேரம், இடம், பார்த்த சக தொழிலாளி என்று பிடித்துக்கொள்ள உறுதியான விஷயங்கள் இருக்கின்றன. முதலாளியின் காப்பீட்டு நிறுவனம் கையில் எடுக்கும் முதல் எதிர்வாதம் அந்தப் பழைய தேய்மானமாகவே இருக்கும். ஆனால் பல சட்டங்கள் தொழிலாளியை அவர் இருந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்கின்றன; ஏற்கெனவே இருந்த கோளாறு வேலையால் மோசமானாலும் அது இழப்பீட்டுக்கு உரியதே. இருந்தாலும், வேலையால் மோசமடைந்த அளவுக்கு மட்டுமே பணம் தரும் சட்டங்களும் உண்டு. இந்த வழியில் மனு பெரும்பாலும் விழுவது சட்டத்தால் அல்ல, முதல் மருத்துவக் குறிப்பால்தான். வலியில் துடிப்பவர் மருத்துவரிடம் 'கொஞ்ச நாளாகவே இடுப்பு வலி' என்று மட்டும் சொல்லி, மூட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், அந்த ஒற்றை வரி பின்னர் அவருக்கு எதிராகவே வாசிக்கப்படும். பழைய வலி, அன்றைய மூட்டை, அதன்பின் காலுக்கு இறங்கிய புதிய வலி என்று மூன்றும் வரிசையாகப் பதிவாகியிருந்தால் அதே குறிப்பு மனுவுக்குத் துணையாகும்.

தொழில்நோய் என்று கோரினால் அந்த 12 ஆண்டுகளே சான்றாகின்றன. குறிப்பிட்ட நாளைச் சொல்ல வேண்டிய நெருக்கடி இல்லை. நோய் சட்டத்தின் பட்டியலில் இருந்து, வேலையின் தன்மையும் பொருந்தினால், வேலையால் வந்ததென்ற அனுமானம் பல சட்டங்களில் தொழிலாளிக்குச் சாதகமாக எழும். ஆனால் இடுப்பு வட்டு எல்லாப் பட்டியல்களிலும் இல்லை. ஜெர்மனியின் பட்டியலில் பல ஆண்டுகள் பாரம் தூக்கியதால் வரும் இடுப்பு வட்டு நோய்க்கு 2108 என்ற தனி எண்ணே உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலிலோ மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் நோய்கள் பெயரோடு வருகின்றன, இடுப்பு வட்டு பெயரோடு வரவில்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் தினமும் எத்தனை மூட்டை, என்ன எடை, எவ்வளவு குனிவு என்பதைத் தொழிலாளியே காட்ட வேண்டும். இடையில் முதலாளி மாறியிருந்தால் பொறுப்பு யாருடையது என்ற தகராறும் சேர்ந்துகொள்ளும்.

காலக்கெடுவிலும் வேறுபாடு உண்டு. விபத்தில் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கும். முதலாளிக்குத் தகவல் தரும் அவகாசம் சில இடங்களில் சில நாட்கள்தான். நோயில் அது பெரும்பாலும் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தோ வேலை செய்ய முடியாமல் போன நாளிலிருந்தோ கணக்கிடப்படும்.

இந்தத் தொழிலாளிக்கு விபத்து வழியையே முதலில் சொல்வேன். சட்டம் அனுமதித்தால், படிப்படியாக வந்த பாதிப்பு என்பதை மாற்றுக் கோரிக்கையாக அதே மனுவில் சேர்க்க வேண்டும். நோயை மட்டும் நம்பிப் போவது, சம்பவத்துக்குச் சாட்சியே இல்லாதபோதுதான் பொருந்தும்.

மனு ஏற்கப்பட்ட பிறகு இரு வழிகளும் ஒன்றாகின்றன. மருத்துவச் செலவும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குக் கூலியின் ஒரு பங்கும் கிடைக்கும். நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு, அங்கே பெரும்பாலும் இரு தரப்பு மருத்துவர்களின் அறிக்கைகள் மோதும். சிகிச்சையால் இனி பெரிய முன்னேற்றம் வராது என்ற நிலை வந்ததும் நிரந்தர ஊனம் விழுக்காட்டில் மதிப்பிடப்படும். அதற்கு முன்பே மொத்தத் தொகை தந்து கோப்பை மூட காப்பீட்டு நிறுவனம் முன்வரலாம். ஆனால் கால் மரத்துப்போவது தொடர்ந்து, அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்பதே முடிவாகாத நிலையில் கையெழுத்திட்டால், பின்னர் வரும் அறுவைச் செலவு தொழிலாளியின் தலையில்தான் விழக்கூடும்.