வீட்டுக் கடன் முடிந்ததும் நான் எழுதிய இரண்டு கடிதங்கள்: இரண்டு வருடம் கழித்து ஒரு அனுபவப் பகிர்வு

2009-ல் வாங்கிய வீட்டுக் கடனை 2024 மார்ச் 5-ம் தேதி மொத்தமாகக் கட்டி முடித்தேன். கடைசித் தொகை போனதும் ஆப்பில் பாக்கி பூஜ்யம் என்று காட்டியது, வீட்டில் பாயசம் வைத்தோம், சரி கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பத்திரம் கைக்கு வந்தது ஜூன் 6-ம் தேதி. இடையில் போன மூன்று மாதத்துக்குக் காரணம் வங்கி பாதி, நான் எழுதிய முதல் கடிதம் பாதி.

அந்தக் கடிதம் மூன்றே வரி. "என் வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, நோ டியூஸ் சர்டிஃபிகேட்டும் லோன் ஸ்டேட்மென்டும் தரவும்" என்று எழுதி, ஒரே ஒரு பிரதியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்தேன். ஏப்ரலில் போய்க் கேட்டால் அப்படி ஒரு கடிதமே அவர்களிடம் இல்லை. கொடுத்ததற்கு என்னிடம் அத்தாட்சி கிடையாது, அதனால் சண்டை போடவும் வழியில்லை. அப்புறம் பாவம் என்று ஒருவர் கம்ப்யூட்டரிலேயே ஒரு நோ டியூஸ் எடுத்துக் கொடுத்தார், கூடவே நடப்பு நிதியாண்டுக்கு மட்டும் ஒரு பக்க ஸ்டேட்மென்ட். நோ டியூஸில் ஒரே கணக்கு எண், என் பெயர் மட்டும், கையெழுத்து தேவையில்லை என்று கீழே ஒரு வரி. கடனில் என் மனைவியும் கூட்டுக் கடன்தாரர், அவர் பெயர் எங்கும் இல்லை. அன்றைக்கு அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

மே மாதம் பத்திரம் கேட்டுப் போனபோது "சார், உங்களுக்கு இன்னொரு லோன் அக்கவுன்ட் ஓடிட்டிருக்கே" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான்: கடன் வாங்கும்போது ஒரு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி, அதன் பிரீமியத்தையும் கடனாகவே சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அது வீட்டுக் கடன் கணக்கில் இல்லை, தனி எண்ணில் தனிக் கணக்கு. பதினைந்து வருடமாக ஒரே தேதியில் இரண்டு தொகை பிடித்தார்கள், சின்னது 460 ரூபாய், அது ஏதோ கட்டணம் என்று விட்டிருந்தேன். நான் முன்கூட்டிக் கட்டி முடித்தது பெரிய கணக்கை மட்டும்.

கடன் முடிந்துவிட்ட தைரியத்தில், தவணைக்காகவே வைத்திருந்த சேமிப்புக் கணக்கிலும் பணத்தைத் துடைத்து எடுத்துவிட்டேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் 460 ரூபாய் திரும்பிப் போனது. ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் 500, அதன்மேல் வரி 90. மீதித் தவணை மூன்று, அதாவது 1,380, கட்டணம் 1,180, ஆக 2,560 ரூபாய். இதற்காக லட்சக்கணக்கில் மதிப்புள்ள பத்திரம் லாக்கரில் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினேன். அதன் முக்கியப் பகுதி இது, எண்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

"மேற்கண்ட எண்ணில் உள்ள வீட்டுக் கடன் கணக்கையும், இதே சொத்தின் அடமானத்தில் எங்கள் இருவர் பெயரிலும் தொடங்கப்பட்ட, இன்சூரன்ஸ் பிரீமியக் கடன் உள்ளிட்ட அனைத்துக் கணக்குகளையும் முடிக்க வேண்டிய தொகையைக் கணக்கு வாரியாக எழுத்தில் தெரிவிக்கவும். ஒவ்வொரு கணக்குக்கும் முதல் தொகை வழங்கிய நாள் முதல் முடித்த நாள் வரையிலான முழு ஸ்டேட்மென்டும், இருவர் பெயரும், எல்லாக் கணக்கு எண்களும், சொத்தின் முகவரியும் குறிப்பிட்டு, அதிகாரியின் கையெழுத்து, முத்திரையுடன் நிலுவையில்லாச் சான்றும் வழங்கவும். நாங்கள் ஒப்படைத்த மூல ஆவணங்களின் பட்டியலை இணைத்துள்ளோம். ரிசர்வ் வங்கியின் 13.09.2023 தேதியிட்ட அறிவுறுத்தலின்படி அவற்றை 30 நாட்களுக்குள் திருப்பித் தரக் கோருகிறோம்."

இருவரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன். முதலில் "சீல் எல்லாம் வேண்டாம் சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர், "பரவாயில்லை, காத்திருக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். நான்காம் நாள் இரண்டு கணக்குக்கும் தொகை எழுத்தில் வந்தது, மே 14-ம் தேதி கட்டினேன்.

அந்த 30 நாள் விஷயத்தில் நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். கெடு நாம் கடிதம் கொடுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை, கடன் முழுவதும் அடைந்த நாளிலிருந்துதான். 2023 டிசம்பர் 1 முதல், வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு சின்னப் பாக்கி ஒட்டிக்கொண்டிருந்தாலும் "இன்னும் அடையவில்லையே" என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். எனக்கு மே 14-லிருந்து 24-வது நாளுக்குள் பத்திரம் வந்துவிட்டதால் ஒரு பைசா இழப்பீடும் இல்லை, கேட்கவும் முடியாது. இதனால்தான் "அனைத்துக் கணக்குகளும்" என்ற சொல்லை முதல் நாளே எழுத வேண்டும் என்கிறேன்.

ஸ்டேட்மென்டையும் நோ டியூஸையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போதும் என்று விட்டுவிட வேண்டாம். நோ டியூஸ் பாக்கி இல்லை என்று சொல்லும், எப்படி முடிந்தது என்று சொல்லாது. முழு ஸ்டேட்மென்டில் நான் பார்த்தது கடைசி வரியைத்தான்: பாக்கி பூஜ்யம், அதற்குக் கீழே வேறு எந்தப் பற்றும் இல்லை. முடித்த தேதிக்குப் பிறகு ஏதாவது கட்டணம் ஏறியிருந்தால் அங்கேதான் தெரியும்.

இந்த இரண்டு வருடத்தில் அந்தக் காகிதங்கள் இரண்டு முறை வேலை செய்தன. முதல் முறை மனைவியின் கிரெடிட் ரிப்போர்ட்டில். என் ரிப்போர்ட்டில் கடன் முடிந்ததாக வந்துவிட்டது, அவருடையதில் நான்கு மாதம் கழித்தும் நடப்பில் இருப்பதாகவே காட்டியது. அவர் பெயர் போட்ட நோ டியூஸை இணைத்துப் புகார் கொடுத்தபோதுதான் சரியானது. பழைய, என் பெயர் மட்டும் இருந்த காகிதத்தை வைத்து இதைச் செய்திருக்க முடியாது. 460 ரூபாய் திரும்பிப் போன அந்த இரண்டு மாதமும் தவணை தாமதம் என்று பதிவானது மட்டும் இன்னும் என் ரிப்போர்ட்டில் நிற்கிறது, அது என் தப்பு.

இரண்டாவது, போன வருடம் வில்லங்கச் சான்றிதழ் எடுத்தபோது. கடன் வாங்கியபோது பத்திர ஒப்படைப்பு ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தது, அந்த வரி அப்படியே நின்றது. நோ டியூஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தானாக வில்லங்கத்திலிருந்து எதையும் எடுக்காது. கடன் அடைந்துவிட்டது என்று வங்கி அதிகாரி ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது கடிதத்தில் நான் விட்ட ஒரே விஷயம் இதுதான், அதற்காக மூன்றாவது கடிதம் எழுதி, சீல் வாங்கி, அதிகாரி ஒரு நாள் பதிவுக்கு வரும்வரை ஐந்து வாரம் காத்திருந்தேன். இப்போது சான்றிதழில் ஒப்படைப்பு வரிக்குக் கீழே ரசீது வரியும் இருக்கிறது.