ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு எந்த இலைச் சோதனை: அயோடினா, மிதக்கும் வட்டங்களா?

கோபி பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறேன். ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு இந்த ஆண்டு அயோடின் சோதனையை ஓரமாக வைத்துவிட்டு, இலை வட்டங்களை மிதக்கவிடும் சோதனையை மையமாக்கினேன். அடுத்த ஆண்டும் அதுதான்.

அயோடின் சோதனை எல்லோருக்கும் தெரிந்தது. தொட்டிச் செடியை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையில் கருப்புத்தாள் ஒட்டி, வெயில் காட்டி, இலையை வெந்நீரில் போட்டு, ஸ்பிரிட்டில் பச்சையம் நீக்கி, அயோடின் விட்டால் வெயில் பட்ட இடம் மட்டும் கருநீலமாகும். அந்தக் கருநீலத்துக்கு ஈடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இலை உணவு செய்கிறது என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி அது. செலவும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இடிப்பது கால அட்டவணையில். இருட்டில் வைத்த செடியின் இலையில் மாவுச்சத்து மறுபடி சேர நாலைந்து மணி நேர நல்ல வெயில் வேண்டும். அப்படியானால் மதியத்துக்குப் பிறகுதான் சோதனை. என் அறிவியல் பீரியட் வாரத்தில் பெரும்பாலும் காலையில் வருகிறது. இருட்டில் வைக்காமல் மரத்து இலையைக் காலையில் பறித்தாலும் பயனில்லை. இரவில் செடி அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிச் செலவழித்துவிடும், நிறம் மங்கலாகத்தான் வரும். முந்தின நாளே வாத்தியார் எல்லாம் செய்து வைத்து மறுநாள் காட்டினால், பிள்ளைகளுக்கு அது வேடிக்கை மட்டும்தான். அதோடு ஸ்பிரிட்டை நேரடியாகத் தீயில் வைக்கக்கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதைக் குழு குழுவாகச் செய்யவிட எனக்குத் துணிவில்லை.

வட்டச் சோதனை ஒரே பீரியடில், அவர்கள் கையாலேயே முடிகிறது. 300 மில்லி தண்ணீரில் சமையல் சோடா ஒரு சிட்டிகை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சோடா, இலைக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடைத் தரும். திரவம், தண்ணீரை இலைக்குள் இறங்கவிடும். நுரை வந்தால் திரவம் அதிகம் என்று அர்த்தம், சோடா கலந்த தண்ணீரை இன்னும் கொஞ்சம் சேருங்கள். பாலக் கீரையில் நரம்பை விட்டுவிட்டுப் பேப்பரில் துளை போடும் பஞ்சிங் மெஷினால் பத்து வட்டம் எடுக்கவும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் வட்டங்களைப் போட்டு, கரைசலை உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்துப் பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். இலைக்குள் இருந்த காற்று குமிழாக வெளியேறும். விட்டதும் கரைசல் அந்த இடத்தில் புகுந்துகொள்ளும், வட்டம் மூழ்கும். முதல் தடவையில் மூழ்காவிட்டால் இரண்டு மூன்று தடவை இழுக்கலாம். முடி முளைத்த இலைகள் வேண்டாம், குமிழ் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

பிறகு கரைசலோடு டம்ளரில் ஊற்றி வெயிலில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தவற்றை எண்ணுவது. வெயிலில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போது உண்டாகும் ஆக்சிஜன் இலைக்குள் சேர்ந்து வட்டத்தை மேலே தூக்கும். ஒரு குழுவுக்கு ஐந்தாவது நிமிடம் ஒன்று, எட்டாவது நிமிடம் ஐந்து, பன்னிரண்டாவது நிமிடம் ஒன்பது. பாதி வட்டங்கள் மிதக்க எட்டு நிமிடம் என்ற அந்த ஒரு எண்தான் மற்ற குழுக்களோடு ஒப்பிடப் போதும். எல்லாம் மிதக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கடைசி வட்டம் எப்போதும் இழுத்தடிக்கும்.

மிதக்கத் தொடங்கியதும் பின் வரிசையிலிருந்து கேள்வி வந்தது: “ஏனுங்க சார், சோடா பொங்கித்தானுங்களே மேல வருது?” நல்ல சந்தேகம். அதனால்தான் இரண்டு டம்ளர் கூடுதலாக வைக்கிறேன். ஒன்றில் அதே சோடாக் கரைசல், கருப்புத்துணியால் மூடியது. சோடா பொங்கித்தான் வட்டம் மிதக்கிறது என்றால் இங்கேயும் மிதக்க வேண்டும், மிதக்காது. இன்னொன்றில் சோடா இல்லாத, திரவம் மட்டும் கலந்த தண்ணீர், வெயிலில். அதில் அநேகமாக அப்படியே கிடக்கும், அல்லது ஒன்றிரண்டு மெதுவாக எழும். ஒளி வேண்டும், கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்ற இரண்டையும் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். மூடிய டம்ளரை வெயிலிலேயே வையுங்கள். நிழலில் வைத்தால் ‘சூட்டில் மிதந்தது’ என்று அடுத்த கேள்வி கிளம்பும்.

குறை இல்லாமல் இல்லை. மேலே தூக்கும் வாயு ஆக்சிஜன்தான் என்று இந்தச் சோதனை தனியாக நிரூபிக்காது. உணவு உண்டானதையும் காட்டாது. அதற்கு அயோடின் வேண்டும். ஆகவே ஒரு மதியப் பீரியட் கிடைக்கும்போது நான் மட்டும் மேசையில் செய்து காட்டுகிறேன். ஐப்பசி மழை நாட்களில் எல்.இ.டி. பல்பை டம்ளருக்கு அருகில் வைத்துப் பார்த்தேன், வேலை செய்தது, ஆனால் மெதுவாக. எத்தனை வாட் வேண்டும், எவ்வளவு தூரம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் அதைச் செய்து பார்க்கவில்லை.