வாணலிக்கு எது, இலைக்கு எது: நான்கு எண்ணெய்களின் ஒப்பீடு

தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் மளிகைக் கடைக்குப் போகிறவர்கள் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, "இதில் இதயத்துக்கு எது நல்லது?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடலுக்குள் போன பிறகு எந்த எண்ணெய் கெட்ட கொழுப்பைக் குறைவாக வைத்திருக்கும் என்பது ஒன்று. 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் வடையோடும் அப்பளத்தோடும் கொதித்த பிறகும் எந்த எண்ணெய் கெடாமல் நிற்கும் என்பது மற்றொன்று. பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருப்பதெல்லாம் முதல் கேள்விக்கான விடைதான். பொரித்த பண்டத்தோடு வயிற்றுக்குள் போவது, வாணலியில் மாறிப்போன எண்ணெய் என்பதால், இந்த அலசல் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் நான்கின் உள்ளடக்கத்தைப் பார்த்துவிடலாம். நிறைவுற்ற கொழுப்பு சூரியகாந்தி எண்ணெயில் நூற்றுக்கு 11 பங்கு, நல்லெண்ணெயில் 15 பங்கு, கடலை எண்ணெயில் 18 பங்கு, தவிட்டு எண்ணெயில் 20 பங்கு என்ற அளவை ஒட்டி இருக்கிறது. பல்நிறைவுறாக் கொழுப்பு சூரியகாந்தியில் 60 பங்குக்கு மேல். நல்லெண்ணெயில் 42 பங்கை ஒட்டியும், தவிட்டு எண்ணெயில் 35 பங்கை ஒட்டியும், கடலை எண்ணெயில் 30 பங்கை ஒட்டியும் இருக்கும். மீதியில் பெரும்பகுதி ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் பல்நிறைவுறாக் கொழுப்பைச் சேர்த்தால் இரத்தத்தில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு குறையும் என்பது நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. அந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் சூரியகாந்திக்கே முதலிடம். ("கொலஸ்ட்ரால் இல்லாதது" என்ற வாசகத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவுக்கு இருப்பதில்லை.)

சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது. இரத்தக் கொழுப்புக்கு நல்லதைச் செய்யும் அதே பல்நிறைவுறாக் கொழுப்பைத்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் தாக்குகிறது. ஒற்றை நிறைவுறாக் கொழுப்போடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழப் பத்து மடங்கு வேகத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. அந்த வினையில் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள் உருவாகின்றன. இரத்தக் குழாய்களுக்கு ஊறு செய்யக் கூடியவை என்று ஆய்வாளர்கள் ஐயுறுபவை அவை.

இதை ஒரு வீட்டின் அடுப்பில் வைத்துப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீடு. மாலையில் உளுந்து வடை. சம்பா அறுவடைக்குப் பின் வயலில் விதைத்து எடுத்த புது உளுந்தை அரைத்த மாவு என்றே வைத்துக்கொள்ளலாம். அகன்ற வாணலியில் அரை லிட்டர் எண்ணெய் ஊற்றிக் காய வைக்கிறார்கள். ஒரு துளி மாவைப் போட்டதும் அது அடியில் தங்காமல் உடனே மேலே எழும்பினால் பொரிக்கும் சூடு வந்துவிட்டது என்று பொருள். வடையைப் போட்டதும் மாவிலுள்ள நீர் ஆவியாகிச் சலசலவென்று வெளியேறுகிறது. அந்த நீர் எண்ணெயின் மூலக்கூறை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகிறது. வாணலியின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் காற்று எண்ணெயைத் தொடுகிறது. உதிர்ந்த மாவுத் துணுக்குகள் அடியில் கருகுகின்றன. பொரித்து முடித்த பின் மீந்த எண்ணெயை அதே இரும்பு வாணலியில் மூடி வைக்கிறார்கள். இரும்பு இரவெல்லாம் அந்த வினையைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் அதில் அப்பளம், அதற்கடுத்த நாள் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய மீன்.

சூரியகாந்தி எண்ணெயாக இருந்தால் மூன்றாம் நாளுக்குள் மாற்றம் கண்ணுக்கே தெரிந்துவிடும். புது எண்ணெயில் பெரிய குமிழிகள் எழுந்து உடனே உடையும். கெட்ட எண்ணெயில் பொடி நுரை பரவி, மீனை எடுத்த பின்னும் அடங்காமல் நிற்கும். வாணலியின் விளிம்பில் பிசின்போலப் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாத படலம், ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய அந்த எண்ணெயேதான். முன்பு புகையாத சூட்டிலேயே புகை கிளம்பும், தொண்டை கமறும், கரண்டியிலிருந்து எண்ணெய் பாகுபோல வழியும். இவற்றுள் இரண்டு அறிகுறிகள் சேர்ந்து வந்தாலே அந்த எண்ணெயை விட்டுவிட வேண்டும். வணிகச் சமையலறைகளுக்கு 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பின்படி, எண்ணெயில் சிதைவுப் பொருட்களான முனைவுச் சேர்மங்கள் மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லை; நுரையும் பிசினும் கமறலும்தான் நமக்குள்ள அளவுகோல்.

இதே மூன்று நாளைச் சுத்திகரித்த கடலை எண்ணெய் இதைவிட நிதானமாகக் கடக்கும். பாதியளவுக்கு ஒற்றை நிறைவுறாக் கொழுப்பே இருப்பதுதான் அதற்குக் காரணம். அதற்காக அதே எண்ணெயை மூன்று நாள் பொரிக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒருமுறை பொரிக்கும்போதே அது குறைவாகச் சிதைகிறது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

இங்கே செக்கு எண்ணெயைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் விளைந்த கடலையை வாங்கிச் செக்கில் ஆட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பகுதியில் மீண்டும் பரவியிருக்கிறது. மணத்துக்கும் சுவைக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் நெடுநேரம் பொரிப்பதற்கு அது ஏற்றதென்று என்னால் சொல்ல இயலாது. சுத்திகரித்த எண்ணெய் 220 டிகிரியைத் தாண்டிய பின்தான் புகைகிறது. கசடு தங்கிய செக்கு எண்ணெயோ பொரிக்கும் சூட்டை எட்டும் முன்பே, 160 டிகிரியை ஒட்டி, மெல்லப் புகையத் தொடங்கிவிடும். அதிலுள்ள பாஸ்போலிப்பிடுகள் என்னும் பசைப் பொருட்களால் முதல் முறையே நுரைக்கவும் செய்யும். அந்த நுரையைக் கெட்டுப்போன அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது. மண்டி முழுவதும் அடியில் படியும்வரை அசையாமல் வைத்திருந்து, தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்தால் புகையும் நுரையும் வெகுவாகக் குறையும். இன்னொன்று இதைவிட முக்கியம்: மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உருவாகும், சுத்திகரிக்காத எண்ணெயில் அது கலந்து வரும், கல்லீரலைத் தாக்கும். செக்குக்கு அனுப்பும் முன் சுருங்கிய பருப்பு, கறுத்த பருப்பு, பச்சைப் பூசணம் படிந்த பருப்பு எல்லாவற்றையும் முறத்தில் கொட்டிப் பொறுக்கி எடுத்துவிடுவது கட்டாயம். பொறுக்காமல் ஆட்டிய எண்ணெயைவிடக் கடையில் வாங்கும் சுத்திகரித்த எண்ணெயே மேல்.

தவிட்டு எண்ணெய் நம் நெல்லிலிருந்தே வருவது. ஆனாலும் நம் வீடுகளில் அதை வெளியூர்ப் பொருளாகவே பார்க்கிறார்கள். நெல்லைத் தீட்டிய மறுகணமே தவிட்டிலுள்ள லைப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடித்துச் சமையல் எண்ணெய்க்கு உதவாததாகிவிடும். டெல்டாவின் ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது புழுங்கல். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது அந்த நொதி செயலிழந்துவிடுவதால், புழுங்கல் தவிடு நெடுநாள் தாங்கும். அதில் எண்ணெயும் கூடுதலாகக் கிடைக்கும். தஞ்சாவூரில் இன்று உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருப்பது முன்பு நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

தவிட்டிலிருந்து எண்ணெயைச் செக்கில் ஆட்டி எடுப்பதில்லை. ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்கிறார்கள், ஆகவே "செக்குத் தவிட்டு எண்ணெய்" என்று யாராவது விற்றால் விசாரித்து வாங்க வேண்டும். நிறைவுற்ற கொழுப்பு நான்கிலும் இதில்தான் அதிகம். அப்படியிருந்தும் இதயத்துக்கு இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஒரைசனால் முதலான துணைப் பொருட்கள். அவை குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுத்து எல்.டி.எல்.-ஐக் குறைக்க உதவுகின்றன. காரம் சேர்த்துச் சுத்திகரித்தால் ஒரைசனாலின் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். அதைக் காப்பது காரம் சேர்க்காத பௌதிக முறைச் சுத்திகரிப்புதான். பாக்கெட்டில் ஒரைசனால் அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். பொரிப்பதற்கும் இது கடலை எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கும். எல்.டி.எல். ஏற்கெனவே உயர்ந்திருக்கும் வீட்டில், பொரிக்கும் எண்ணெயாக நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நல்லெண்ணெயை வாணலி நிறைய ஊற்றிப் பொரிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பல்நிறைவுறாக் கொழுப்பு 42 பங்கு இருந்தும் அது எதிர்பார்ப்பதைவிட நன்றாகச் சூட்டைத் தாங்குகிறது. செசமோலின் என்ற பொருள் சூட்டில் செசமோலாக மாறி ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதே காரணம். என்றாலும் அதன் உரிய இடம் வத்தக்குழம்பும் புளியோதரையும், இட்லிப் பொடியின் மேல் ஊற்றும் ஒரு கரண்டியும்தான். சூடு படாமல் இலைக்கு வரும் எண்ணெயில்தான் பல்நிறைவுறாக் கொழுப்பின் நன்மை முழுதாகக் கிடைக்கும். சூரியகாந்திக்கும் இதே விதி: தாளிக்கவும் பொரியல் வதக்கவும் அது நல்லது, பொரிக்க வேண்டாம். ஒற்றை நிறைவுறாக் கொழுப்பான ஒலிக் அமிலம் மிகுந்தது என்று தனியாகக் குறிப்பிட்டு விற்கும் சூரியகாந்தி வகை மட்டும் விதிவிலக்கு. அது பொரிப்பதையும் தாங்கும்.

இந்த நான்கிலும் ஒமேகா-3 கொழுப்பு மிகக் குறைவு. அதை நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் தேட வேண்டும், அதுவும் பொரிக்காமல் குழம்பாக வைக்கும்போது.

அளவையும் சொல்லிவிட வேண்டும். உடலுழைப்பு அதிகமில்லாத ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்று வைத்தால், நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 3 கிலோ, அதாவது 3.3 லிட்டரை ஒட்டி வரும். அதில் தவிட்டு எண்ணெயோ கடலை எண்ணெயோ 2 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர், மீதிக்குச் சூரியகாந்தி என்று பிரிக்கலாம். நியாயவிலைக் கடையில் வாங்கும் பாமாயிலும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும். அதில் நிறைவுற்ற கொழுப்பு பாதியை நெருங்குவதால், அது சேரும் மாதத்தில் மற்றவற்றை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

பொரிக்கும் நாளில் அகன்ற வாணலியை விட்டுவிட்டு, வாய் குறுகிய சிறிய சட்டியில் 250 மில்லி மட்டும் ஊற்றி, மூன்று மூன்று வடையாகப் போட்டு எடுத்தால் மீதம் குறையும். மீந்ததை ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, எவர்சில்வர்ப் பாத்திரத்துக்கு மாற்றி, வெளிச்சம் படாத இடத்தில் மூடி வைக்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் இரும்பைவிடவும் விரைவாக எண்ணெயைக் கெடுக்கும். அந்த எண்ணெயை மறுபடி பொரிக்க எடுக்காமல், இரண்டு நாளுக்குள் குழம்புக்கும் தாளிப்புக்கும் செலவழித்துவிட வேண்டும். மசாலா தடவிய மீன் பொரித்த எண்ணெயை மட்டும் அதற்கும் எடுக்க வேண்டாம்.