“போர்டு போச்சு” என்று சொல்லிப் பணம் கேட்டால், முதலில் கார்டை உருவிப் பாருங்கள்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வைத்துச் செய்த கண்ட்ரோலர் பெட்டியை வாங்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பண்ணை, காளான் குடில், கோழிக்கொட்டகை, தண்ணீர் மோட்டார் என்று எங்கே மாட்டியிருந்தாலும் சரி. கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி எழுந்திருக்கவில்லை என்றால், பெரும்பாலும் கெட்டுப்போனது போர்டு இல்லை, உள்ளே இருக்கும் மெமரி கார்டில் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம்தான். பெட்டியை விற்றவருக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் என் அக்காவிடம் ஒவ்வொரு முறையும் புதுப் போர்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்.

அக்கா உடுமலைப் பக்கம் சிப்பிக் காளான் குடில் வைத்திருக்கிறார். மொட்டு வரும் நேரத்தில் குடிலுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் மொட்டு காய்ந்து சுருங்கிவிடும், அந்த அறுவடை போனதுதான். அதனால் ஈரப்பதத்தைப் பார்த்து, பனிபோல் தண்ணீர் தூவும் ஃபாகரையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டு நிறுத்த, ஒருவரிடம் சொல்லி பை 4 வைத்த பெட்டி ஒன்றை மாட்டினார். சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் மழைக்காலம் வந்தது. அங்கே கரண்ட் போனால் ஒரேயடியாகப் போகாது. போகும், வரும், அடுத்த நிமிடம் மறுபடியும் போகும். அப்படி ஒரு இரவுக்குப் பிறகு பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, ஃபாகர் ஓடவில்லை.

“வோல்டேஜ் அடிச்சிருச்சுங்கக்கா, போர்டு போயிருச்சு. புதுசு போட்டாத்தான் ஆகும்” என்றார் அந்த ஆள். பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய், இரண்டு நாளில் திரும்ப மாட்டிவிட்டு 6,500 ரூபாய்க்கு பில் கொடுத்தார். பழைய போர்டைக் கேட்டதற்கு, அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார். அடுத்த பெரிய கரண்ட் கட்டுக்குப் பிறகும் அதே கதை, அதே பில்.

எனக்குச் சந்தேகம் வந்தது ரவுட்டரைப் பார்த்தபோது. பெட்டி முதலில் வந்த அன்றே, அக்கா ஃபோனில் திறந்து பார்க்க வசதியாக, ரவுட்டரில் அதற்கு ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கி வைத்திருந்தேன். ரவுட்டர் அந்த ஒதுக்கீட்டைச் செய்வது, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் மேக் முகவரியை வைத்து. மேக் முகவரி போர்டோடு பிறந்தது, கார்டோடு வருவதில்லை. போர்டு நிஜமாகவே மாறியிருந்தால் புதுப் பெட்டிக்கு வேறு ஐபி கிடைத்திருக்க வேண்டும், அக்காவின் ஃபோனில் பழைய முகவரி திறந்திருக்கக் கூடாது. ஆனால் திறந்தது. ரவுட்டர் பட்டியலிலும் `dc:a6:32` என்று தொடங்கும் அதே பழைய எண், கடைசி எழுத்து வரை மாறாமல் இருந்தது.

கேட்டதற்கு, “சாஃப்ட்வேர்ல பழைய நம்பரையே போட்டுக் குடுத்தோம் சார், உங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதுன்னு” என்றார். மேக் முகவரியை சாஃப்ட்வேரில் மாற்ற முடியும் என்பது உண்மை. அதனால்தான் அடுத்த சோதனை முக்கியம்.

பெட்டி மறுபடியும் படுத்தபோது அவரைக் கூப்பிட விடவில்லை, நானே போனேன். கரண்டை அணைத்துவிட்டு, மெமரி கார்டை உருவி எடுத்துவிட்டு, போர்டை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து மறுபடி ஆன் செய்தேன். ஆன் செய்ததும் முதலில் ஓடி பெட்டியை எழுப்பும் பூட்லோடர் பை 4-இல் கார்டில் இல்லை, போர்டிலேயே தனிச் சிப்பில் இருக்கிறது. 2020 கடைசிக்குப் பிறகு வந்த பூட்லோடராக இருந்தால், எதிலிருந்தும் பூட் ஆக முடியாதபோது திரையில் அதுவே ஒரு தகவல் பக்கத்தைக் காட்டும். கார்டு இல்லை என்று சொல்லும், `board:` என்ற வரியில் போர்டின் சீரியல் எண்ணையும் மேக் முகவரியையும் காட்டும். டிவியில் அந்தப் பக்கம் வந்தாலே போர்டுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கார்டே இல்லாதபோது அதில் தெரியும் மேக் முகவரி போர்டுடையதுதான், கார்டில் உள்ள சாஃப்ட்வேர் எழுதியது இல்லை. அதே பழைய எண் அங்கேயும் இருந்தது. முதல் நாளிலிருந்து ஒரே போர்டுதான். டிவித் திரையை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு கார்டைத் திரும்பச் சொருகி ஆன் செய்தேன். வரிகள் ஓடி, இங்கே நின்றது:

```
Kernel panic - not syncing: VFS: Unable to mount root fs on unknown-block(179,2)
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த வரி பெரிய நல்ல செய்தி. 179 என்பது மெமரி கார்டு வகையைக் குறிக்கும் எண், 2 என்பது அதில் இரண்டாவது பார்ட்டிஷன். கார்டின் முதல் பார்ட்டிஷனில், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் இருக்கிறது. அதில் பெட்டி எழுதுவது மிகக் குறைவு, அதனால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும். போர்டு அதைப் படித்து, கெர்னலை ஏற்றி, ஓட்டியும் பார்த்துவிட்டது. இரண்டாவது பார்ட்டிஷனில் இருக்கும் ext4 ஃபைல் சிஸ்டத்தைத்தான் திறக்க முடியவில்லை. போர்டு செத்திருந்தால் இந்த வரியே திரைக்கு வந்திருக்காது.

கரண்ட் போனதற்கு ஃபைல் சிஸ்டம் ஏன் கெட வேண்டும் என்று அக்கா கேட்டார். மெமரி கார்டுக்குள் இருக்கும் ஃப்ளாஷில் ஒரு சின்ன வரியை மட்டும் அழித்து எழுத முடியாது, பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். கணக்கு நோட்டில் ஒரு வரி திருத்த, அந்தப் பக்கம் முழுவதையும் வேறு தாளில் எழுதிவிட்டுப் பழையதைக் கிழிப்பது போன்ற வேலை அது. பாதியில் கரண்ட் போனால் அந்த ஒரு வரி மட்டும் போவதில்லை, பக்கத்தில் எப்போதோ எழுதி நிம்மதியாக இருந்ததும் சேர்ந்து போகலாம். எது எங்கே இருக்கிறது என்று கார்டு தனக்குள் வைத்திருக்கும் அட்டவணையும் குழம்பலாம். ext4-க்கு, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் இருக்கிறதே என்பார்கள். எழுதிவிட்டேன் என்று கார்டு சொன்னது உண்மையாக இருந்தால்தான் ஜர்னல் காப்பாற்றும். கார்டுக்கு உள்ளேயே குழப்பம் என்றால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

லினக்ஸ் லேப்டாப்பில் கார்டைப் போட்டு, முதலில் முழு நகல் எடுத்தேன். சரிசெய்கிறேன் என்று, ஃபைல் சிஸ்டத்தின் பிழைகளைத் திருத்தும் fsck-ஐ நேராக ஓட்டாதீர்கள். மோசமாகக் கெட்ட கார்டில் அது இருப்பதையும் வாரிக்கொண்டு போய்விடும். `lsblk` போட்டு உங்கள் கார்டுக்கு என்ன பெயர் என்று பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு `sdb`.

```
sudo ddrescue /dev/sdb card.img card.map
sudo e2fsck -f /dev/sdb2
sudo e2fsck -f /dev/sdb2
```

e2fsck என்பது ext4-க்கான fsck. கார்டைக் கழற்றி மாட்டிவிட்டு இரண்டாவது முறை ஓட்டுவது சோதனைக்காக. முதல் முறை சரிசெய்த பிழைகள் இரண்டாவது முறை வரக்கூடாது. கார்டைக் கழற்றி மாட்டியபின் அதே பிழைகள் அப்படியே திரும்ப வந்தால், அந்தக் கார்டு தேய்ந்துபோய் எழுதுவதையே நிறுத்திவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். எங்கள் கார்டில் இரண்டாவது முறை சுத்தமாக வந்தது. போர்டில் போட்டதும் பெட்டி எழுந்து ஃபாகர் ஓட ஆரம்பித்தது. செலவு ஒன்றும் இல்லை. கார்டே போயிருந்தாலும் புதுசு சில நூறு ரூபாய்தான்.

கோபம் அதிகமானது உள்ளே பார்த்தபோது. ஈரப்பத அளவை ஒவ்வொரு நொடியும் கார்டில் எழுதும்படி புரோகிராம் செய்திருந்தார். எப்போது கரண்ட் போனாலும் கார்டு ஏதாவது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கும். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், உள்ளே இருந்தது சாதாரண ஃபோன் சார்ஜர். `vcgencmd get_throttled` போட்டால் `0x50000` என்று வந்தது. கடைசியாக ஆன் ஆனதிலிருந்து வோல்டேஜ் குறைந்து போயிருக்கிறது என்று போர்டே பதிவு செய்து வைத்திருக்கும் எண் அது. அதாவது கரண்ட் இருக்கும்போதும் கார்டுக்கு ஆபத்து இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் ராஸ்பெர்ரி பையிலேயே வழி இருக்கிறது. `sudo raspi-config` திறந்து, Performance Options உள்ளே Overlay File System போனால், கார்டைப் படிப்பதற்கு மட்டும் என்று வைத்துவிடலாம். எழுதுவதெல்லாம் ராமில் நடக்கும், கரண்ட் போனால் ராமில் இருந்தது மட்டும் போகும். பூட் பார்ட்டிஷனையும் எழுத முடியாதபடி வைக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். விற்பவருக்குச் சில நிமிட வேலை. செய்திருந்தால் அந்தப் பெட்டி மழைக்காலம் முழுவதும் ஓடியிருக்கும், அவருக்கு பில் போட வாய்ப்பு இருந்திருக்காது.

இதில் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். ஓவர்லே போட்ட பிறகு செய்யும் எந்த மாற்றமும் ரீபூட்டில் மறைந்துவிடும். அளவை மாற்ற வேண்டுமானால் ஓவர்லேயை அணைத்து, மாற்றி, மறுபடி போட வேண்டும். பதிவுகள் வேண்டும் என்றால் தனி பென்டிரைவில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். அது கெட்டாலும் பெட்டி பூட் ஆகும். இன்னொன்று, பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. நெட் இல்லாமல் பூட் ஆனால் பழைய நேரத்தைத்தான் காட்டும். ஃபாகரைக் கடிகார நேரம் பார்த்து ஓட்டுபவர்கள் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

டிவித் திரையின் படத்தையும் பில்களையும் அவருக்கு அனுப்பினோம். முதலில் மறுத்தார், அப்புறம் ஒரு பில்லின் பணத்தைத் தருகிறேன் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். தொழிலுக்கு வாங்கிய பொருள், நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சிலர் சொன்னார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியதென்றால் 2019 சட்டத்தின்படி அவரும் நுகர்வோர்தான், தயங்க வேண்டாம்.

இப்படி ஒரு பெட்டி உங்களிடம் ஓடிக்கொண்டிருந்தால், அது நன்றாக இருக்கும் இந்த நேரத்திலேயே ரவுட்டர் பட்டியலில் அதன் மேக் முகவரியைப் பார்த்துக் குறித்து வையுங்கள். கார்டின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போர்டு மாற்றினேன் என்று பில் கொடுத்தால், புதுப் போர்டின் சீரியல் எண்ணை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள், பழைய போர்டைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.